வித்தும் வரிசையும்: கணினியின் சமவாய்ப்பு எண்கள் ஏன் முன்கூட்டியே தீர்ந்தவை

1. ஆய்பொருள்

தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவர் சேர்க்கையில், விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் தரவரிசைப் பட்டியலுக்கு முன்பே பத்து இலக்கச் சமவாய்ப்பு எண் ஒன்று ஒதுக்கப்படுகிறது. நாளிதழ்கள் இதனை ‘ரேண்டம் எண்’ என்று குறிப்பிடுகின்றன. 2019 முதல் இந்தக் கலந்தாய்வைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. அதற்கு முன் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தியது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப் மதிப்பெண்ணில் இருவர் சமமாக நின்றால், முதலில் பாட மதிப்பெண்களும் மொத்த மதிப்பெண்களும் ஒப்பிடப்படும். அவையும் சமமென்றால் பிறந்த தேதி பார்க்கப்படும். அதுவும் ஒன்றாக இருந்தால் சமவாய்ப்பு எண் முடிவு செய்யும்; பெரிய எண் பெற்றவர் முன்னே நிற்பார்.

சங்கரன்கோவில் மேல்நிலைப் பள்ளியிலிருந்து ஒரு மாணவியும் கோவில்பட்டியிலிருந்து ஒரு மாணவரும் எல்லா அளவுகோலிலும் சமமாக நிற்கிறார்கள் என்று கொள்வோம். இருவரில் யார் முதலில் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது என்பதை ஓர் எண் தீர்க்கிறது. அந்த எண்ணை ஒரு கணினி நிரல் தருமானால், அதில் ‘வாய்ப்பு’ எங்கே இருக்கிறது? இதுவே நம் வினா. நிரலுக்குள் அது எங்கும் இல்லை, நிரல் தொடங்கும் முன் அதற்கு ஊட்டப்படும் ‘வித்து’ என்னும் ஒரே எண்ணில்தான் இருக்கிறது என்று இங்கே நிறுவ முயல்கிறோம். எடுத்துக்காட்டுகளுக்கு எல்லோருக்கும் கிடைக்கும் ஓர் ஆக்கியைக் கையாள்கிறோம். எந்த அலுவலகத்தின் நிரலைப் பற்றியும் இங்கே பேசவில்லை.

2. வரையறைகள்

நிலை: ஆக்கி தன் நினைவில் வைத்திருக்கும் எண், அல்லது எண்களின் தொகுதி. அடுத்து என்ன வரும் என்பதைத் தீர்மானிக்கும் அனைத்தும் இதில் அடங்கும்.

மாற்றுவிதி: இப்போதைய நிலையிலிருந்து அடுத்த நிலையைக் கணக்கிடும் சூத்திரம்.

வெளியீட்டு விதி: நிலையிலிருந்து பயனருக்குத் தரும் எண்ணை உருவாக்கும் சூத்திரம். எளிய ஆக்கிகளில் நிலையே வெளியீடாகவும் இருக்கும்.

வித்து: முதல் நிலையை நிறுவ வெளியிலிருந்து தரப்படும் எண். கணினித் துறையினர் ‘சீட்’ என்பார்கள்.

இந்த நான்கில் மாற்றுவிதியும் வெளியீட்டு விதியும் கணிதச் சார்புகள். ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை என்பது சார்பின் இலக்கணம். ஆகவே முதல் நிலை தெரிந்தால் இரண்டாவது தெரியும். இரண்டாவது தெரிந்தால் மூன்றாவது தெரியும். ஆயிரமாவதும் அப்படியே. இந்தப் பண்பையே அறுதித்தன்மை என்கிறோம். இவ்வாறு பிறக்கும் எண்கள் சமவாய்ப்பு எண்களைப் போலத் தோற்றம் தருவதால் போலிச் சமவாய்ப்பு எண்கள் எனப்படுகின்றன. ‘போலி’ என்பது இங்கே பழிச்சொல் அன்று, வகையைக் குறிக்கும் சொல். நிகழ்தகவுக் கணக்கீடுகளில் அதே வரிசையை மறுபடி பெற முடிவதும், அதனால் ஒருவர் கண்ட முடிவை மற்றவர் சரிபார்க்க முடிவதும் இந்த அறுதித்தன்மையின் பயன்.

3. கையால் போட்டுப் பார்க்கத்தக்க ஆக்கி

தாளும் பென்சிலும் போதும். இருக்கும் எண்ணை 3-ஆல் பெருக்கு, 31-ஆல் வகு, மீதியை எடு என்பதே மாற்றுவிதி. வித்து 1 எனில் வரும் எண்கள்:

3, 9, 27, 19, 26, 16, 17, 20, 29, 25, 13, 8, 24, 10, 30, 28, 22, 4, 12, 5, 15, 14, 11, 2, 6, 18, 23, 7, 21, 1.

27-ஐ மும்மடங்காக்கினால் 81. அதில் இரண்டு 31-களைக் கழித்தால் 19. அதன் மும்மடங்கு 57. 31-ஐக் கழித்தால் 26. விதியை அறியாதவருக்கு இந்த வரிசையில் ஒழுங்கு எதுவும் தென்படாது. ஆனால் முப்பதாவது எண்ணாக மீண்டும் 1 வந்துவிட்டது. அடுத்து 3-தான் வர முடியும். 1 முதல் 30 வரை எல்லா எண்களும் ஒவ்வொரு முறை வந்து, வரிசை மூடிய வட்டமாகிவிட்டது. இதைச் சுழற்சி என்றும், அதிலுள்ள எண்களின் எண்ணிக்கையைச் சுழற்சி நீளம் என்றும் அழைப்போம். இங்கே நீளம் 30.

சுழற்சி வந்தே தீரும். நிலைகள் எண்ணிக்கையில் அடங்குபவை. ஒவ்வொன்றுக்கும் அடுத்தது ஒன்றே ஒன்றுதான். எனவே போய்க்கொண்டே இருந்தால் ஏற்கெனவே வந்த நிலை ஒன்றை மீண்டும் அடையாமல் இருக்க முடியாது. அடைந்த கணத்திலிருந்து பழைய பாதையே திரும்பும்.

இப்போது வித்தை மாற்றுவோம். வித்து 2 எனில் 6, 18, 23, 7, 21, 1, 3, 9 என்று செல்கிறது. இது புதிய வரிசை அன்று. மேலே கண்ட வட்டத்தில் 2 எந்த இடத்தில் இருக்கிறதோ, அங்கிருந்து தொடங்கும் அதே வரிசை. 1-லிருந்து 24 படிகள் தள்ளி 2 இருக்கிறது, அவ்வளவே. வித்து எண்களை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே முழுமையாக எழுதப்பட்டுவிட்ட வட்டத்தில் எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்பதை மட்டும் அது சொல்கிறது. ‘ஆக்கி’ என்ற பெயரே இந்த உண்மையை மறைக்கிறது என்பது நம் கருத்து.

பெருக்கி 3 என்பதும் தற்செயல் அன்று. அதற்குப் பதில் 2-ஐ வைத்தால் 1, 2, 4, 8, 16 என ஐந்தே எண்களில் வட்டம் மூடிவிடும். மொத்த முப்பது எண்களும் ஐந்தைந்தாக ஆறு தனி வட்டங்களாகப் பிரிந்துவிடும். வித்து 1 கொண்டவர் எத்தனை காலம் ஓட்டினாலும் 3 என்ற எண்ணைக் காணமாட்டார். வித்து 0 எனில் நிலைமை இன்னும் மோசம். எதனால் பெருக்கினாலும் 0-தான். இத்தகைய ஆக்கிகளில் 0 விலக்கப்பட்ட வித்து.

4. நடைமுறை ஆக்கி ஒன்று

மேலே கண்ட அமைப்பை 1949-இல் அமெரிக்கக் கணிதவியலர் டெரிக் லெமர் முன்மொழிந்தார். 31-க்குப் பதில் 2147483647 என்ற பகா எண்ணையும், 3-க்குப் பதில் 16807-ஐயும் கொண்ட வடிவத்தை 1969-இல் லூயிஸ், குட்மன், மில்லர் ஆகியோர் ஐபிஎம் கணினிகளுக்காக வெளியிட்டனர். 1988-இல் ஸ்டீபன் பார்க், கீத் மில்லர் இருவரும் அதனைக் குறைந்தபட்சத் தர ஆக்கியாகப் பரிந்துரைத்தனர். இன்றைய சி++ மொழியிலும் அது `minstd_rand0` என்ற பெயரில் இருக்கிறது. முழு நிரலும் இவ்வளவுதான்:

```python
x = 1
for i in range(5):
    x = 16807 * x % 2147483647
    print(x)
```

இதை ஓட்டினால் வருபவை 16807, 282475249, 1622650073, 984943658, 1144108930. சங்கரன்கோவிலில் ஓட்டினாலும் சென்னையில் ஓட்டினாலும், இன்று ஓட்டினாலும் அடுத்த ஆண்டு ஓட்டினாலும் இவையேதான். பத்தாயிரமாவது எண் 1043618065 என்று ஸ்டீபன் பார்க்கும் கீத் மில்லரும் அச்சிட்டே வைத்தார்கள். தம் கணினியில் ஆக்கியைச் சரியாக எழுதியிருக்கிறோமா என்று நிரலர்கள் சோதித்துக்கொள்வதற்காக. பத்தாயிரமாவது எண்ணை முன்னதாகவே அச்சிட முடிவதைக் காட்டிலும் தெளிவான சான்று அறுதித்தன்மைக்கு வேண்டியதில்லை.

இந்தச் சுழற்சியின் நீளம் 2147483646, அதாவது சுமார் 215 கோடி. பின்னோக்கியும் நடக்கலாம். வந்த எண்ணை 1407677000-ஆல் பெருக்கி அதே பகா எண்ணால் வகுத்தால், மீதியாக முந்தைய எண் கிடைக்கும். 16807-ஐயும் 1407677000-ஐயும் பெருக்கி, 2147483647-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதே இதற்குக் காரணம். ஆகவே இந்த ஆக்கியில் யாரேனும் ஒருவருடைய எண்ணும் அது வரிசையில் எத்தனையாவது என்பதும் தெரிந்துவிட்டால், அவருக்கு முன்னும் பின்னும் உள்ள எல்லாருடைய எண்களும் தெரிந்தவையே.

பெரிய ஆக்கிகளில் வித்துக்கு இன்னொரு வேலையும் சேர்கிறது. பைத்தான் மொழியின் `random` தொகுதியில் உள்ள மெர்சென் ட்விஸ்டர் ஆக்கியை மாட்சுமோட்டோ, நிஷிமுரா என்ற ஜப்பானியர் இருவர் 1998-இல் வெளியிட்டனர். அதன் நிலை ஒரே எண் அன்று. 32 இருமங்கள் கொண்ட 624 எண்கள். தரப்படும் வித்தோ பெரும்பாலும் ஒரு சிறிய எண். அந்தச் சிறிய எண்ணைக் கொண்டு 624 இடங்களையும் நிரப்ப ஒரு தனி விதி இருக்கிறது. அதுவும் சார்பே, அதிலும் வாய்ப்பு இல்லை. இதன் சுழற்சி நீளம் 2^19937 − 1. எண்ணிப் பார்க்க முடியாத பெருமை. ஆனால் 32 இரும வித்து கொடுத்தவருக்கு அந்தப் பெருவட்டத்தில் சுமார் 429 கோடி தொடக்க இடங்கள் மட்டுமே திறந்திருக்கும். வட்டம் எவ்வளவு நீண்டது என்பதை மட்டும் பார்த்து மனநிறைவு கொள்வது தவறு. நுழையும் வாயில்கள் எத்தனை என்று கேட்க வேண்டும்.

5. வித்தினால் விளையும் குறைகள்

முதலாவது, தொடர்புடைய வித்துகள். ஒரு நிரலர் ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் அவருடைய வரிசை எண்ணையே வித்தாகக் கொடுத்து, முதலில் வரும் எண்ணை அவருக்கு ஒதுக்குகிறார் என்று கொள்வோம். ஒவ்வொருவருக்கும் தனி வித்து என்பதால் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மேற்கண்ட ஆக்கியில் இதன் விளைவைக் கணக்கிடுவோம். முதலாமவருக்கு 16807, இரண்டாமவருக்கு 33614, மூன்றாமவருக்கு 50421. எண்கள் ஏறிக்கொண்டே போகின்றன. 16807-ஐ 127773-ஆல் பெருக்கினால் 2147480811. இன்னும் பகா எண்ணைத் தாண்டவில்லை. ஆக முதல் 1,27,773 விண்ணப்பதாரர்களுக்கு இறங்குமுகமே இல்லை. பிந்தி விண்ணப்பித்தவர் முந்தியவரை எப்போதும் வெல்வார். 1,27,774-ஆவது ஆளிடம் எண் சட்டென 13971-க்கு விழும். நம் சங்கரன்கோவில் மாணவி முதல் வாரமே விண்ணப்பித்து, கோவில்பட்டி மாணவர் சில நாள் கழித்து இதே எல்லைக்குள் விண்ணப்பித்திருந்தால், அவள் தோற்பது முன்பே உறுதியாகிவிட்டது.

முதல் எண்ணை விட்டுவிட்டு இரண்டாவதை எடுத்தால் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். ஆகாது. வித்து 2 தரும் வரிசை 33614, 564950498, 1097816499. வித்து 1 தந்த எண்கள் ஒவ்வொன்றின் இருமடங்கு இது, மூன்றாவதில் ஒருமுறை பகா எண்ணைக் கழித்தது மட்டுமே வேறுபாடு. ஏறுமுகம் மறைந்தாலும் தொடர்பு அழிவதில்லை. அடுத்தடுத்த விண்ணப்பதாரர்களின் இரண்டாவது எண்களைக் கழித்துப் பார்த்தால், வித்தியாசம் எப்போதும் 282475249-ஆகவே இருக்கும். பகா எண்ணைத் தாண்டும் இடங்களில் மட்டும் அதன் நிறைவெண்ணாக மாறும். கண்டுபிடிக்கும் வழியும் இதுவே: எண்களை விண்ணப்ப வரிசைப்படி அடுக்கி, அடுத்தடுத்தவற்றின் வித்தியாசங்களைப் பார்க்க வேண்டும். சரியான முறை, ஒரே வித்தை ஒரே முறை கொடுத்து, அதிலிருந்து வரும் வரிசையை எல்லோருக்கும் ஒன்றன்பின் ஒன்றாக வழங்குவது.

இரண்டாவது, சிறிய வித்து. 13 பேரை வரிசைப்படுத்தும் வழிகள் 622 கோடியே 70 லட்சத்துக்கு மேல். நம் ஆக்கிக்கு உள்ள வித்துகளோ சுமார் 215 கோடி. ஒரு வித்து ஒரே வரிசையைத்தான் தர முடியும் என்பதால், 400 கோடிக்கும் மேற்பட்ட வரிசைகள் எந்நாளும் வர இயலாதவை. 12 பேர் என்றால் 47 கோடியே 90 லட்சம் வரிசைகள்; வித்துகள் எண்ணிக்கையளவில் போதும். எல்லை 12-க்கும் 13-க்கும் இடையில் விழுகிறது.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. 1999-இல் இணையச் சீட்டாட்ட நிரல் ஒன்றை ஆராய்ந்த அமெரிக்கப் பொறியாளர்கள், 52 சீட்டுகளைக் கலைக்க அது பயன்படுத்திய வித்து, நள்ளிரவிலிருந்து கழிந்த மில்லி நொடிகளின் எண்ணிக்கை என்று கண்டார்கள். ஒரு நாளில் அவை 8 கோடியே 64 லட்சம். 52 சீட்டுகளின் அடுக்கு வகைகளோ 68 இலக்கம் கொண்ட எண். தம் கடிகாரத்தைச் சேவையகத்தின் கடிகாரத்தோடு ஒத்திசைத்ததும், முயன்று பார்க்க வேண்டிய வித்துகள் சுமார் 2 லட்சமாகக் குறைந்தன. கண்ணுக்குத் தெரியும் ஐந்து சீட்டுகளோடு பொருந்தும் வித்தைத் தேடி, எதிராளிகள் கையில் உள்ளதையும் அடுத்து வரப்போவதையும் அவர்களால் சொல்ல முடிந்தது. கலைக்கும் சூத்திரம் இரகசியமாகக்கூட இல்லை; நிரலை எழுதிய நிறுவனமே அதை வெளியிட்டிருந்தது. வெளியிட்டது குற்றமன்று. ஊகிக்கத்தக்க வித்தே குற்றம்.

மூன்றாவது, தேர்ந்தெடுத்த வித்து. நம் பொருளுக்கு இதுவே மிக முக்கியமானது. மாணவி வரிசையில் முதலாவதாகவும் மாணவர் இரண்டாவதாகவும் இருக்கிறார்கள் என்று கொள்வோம். வித்து 16807 எனில் அவளுக்கு 282475249, அவருக்கு 1622650073, அவர் முந்துகிறார். வித்து 282475249 எனில் அவளுக்கு 1622650073, அவருக்கு 984943658, அவள் முந்துகிறாள். வித்தை இடுபவருக்கு விண்ணப்பதாரர் பட்டியல் ஏற்கெனவே தெரிந்திருந்தால், சில வித்துகளைத் தனியே ஓட்டிப் பார்த்து, வேண்டிய முடிவைத் தருவதை மட்டும் அரங்கேற்றலாம். ஓர் இணைக்கு முடிவை மாற்ற, சராசரியாக இரண்டு முயற்சி போதும். மூன்று தனித்தனி இணைகளிலும் விரும்பியவரே முந்த வேண்டுமென்றால், சராசரியாக எட்டு முயற்சி.

இந்தக் குறையை எண்களைச் சோதித்துக் கண்டுபிடிக்க இயலாது. மற்ற வித்துகள் தருபவை கடக்கும் புள்ளியியல் சோதனைகளை எல்லாம் அப்படித் தேர்ந்த வித்து தரும் எண்களும் கடக்கும். சீரான பரவல் இருக்கும், இணைத்தொடர்பு இருக்காது. முதல் குறை எண்களில் தடம் பதிக்கிறது, மூன்றாவது பதிப்பதில்லை. அதன் தடயம் நடைமுறையில் மட்டுமே இருக்கும்: வித்து எப்போது முடிவானது, யார் முன்னிலையில், அதற்கு முன் பட்டியல் பூட்டப்பட்டதா.

6. வித்தின் மூலங்கள்

கணினிக்கு வெளியிலிருந்துதான் வாய்ப்பு வர வேண்டும் என்பது மேற்கண்டவற்றின் முடிவு. பரவலாக உள்ள மூலங்கள் இரண்டு.

ஒன்று, இயங்குதளம் சேகரிக்கும் இரைச்சல். விசைப்பலகை, வட்டு, வலையமைப்பு ஆகியவற்றிலிருந்து வரும் குறுக்கீடுகளின் நேரத்தில் உள்ள நுண்ணிய ஏற்ற இறக்கங்களையும், செயலிச் சில்லில் உள்ள மின்னிரைச்சலையும் லினக்ஸ் திரட்டி, ஒரு மறையாக்க ஆக்கிக்கு வித்தாக்குகிறது. அந்த ஆக்கியும் அறுதியானதே. ஆனால் வித்து நீளமானது, ஊகிக்க இயலாதது. வெளியீட்டிலிருந்து நிலையைத் திரும்பக் கணக்கிடவும் நடைமுறையில் வழியில்லை. வங்கிப் பரிமாற்றத்துக்கும் கடவுச்சாவிக்கும் இதுவே ஏற்றது. பைத்தானிலும் நாம் வித்து தராவிட்டால் இந்த மூலமே பயன்படுகிறது. எனினும் தரவரிசைக்கு இது மட்டும் போதாது. வித்து யாருக்கும் தெரியாமல் பிறந்து மறைவதால், பின்னர் யாரும் சரிபார்க்கவும் முடியாது.

மற்றொன்று, மக்கள் முன்னிலையில் எடுக்கும் வித்து. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், 2017 முதல் தேர்தல் தணிக்கைக்கு எந்த வாக்குச்சீட்டுகளை எடுப்பது என்று தீர்மானிக்க, பொதுக்கூட்டத்தில் பத்து முகப் பகடைகளை உருட்டி 20 இலக்க வித்து பெறுகிறார்கள். ஆக்கியின் சூத்திரம் முன்பே வெளியிடப்பட்டது. பகடை உருண்ட பின், யாரும் தம் வீட்டுக் கணினியில் அதே வித்தை இட்டு அதே பட்டியலைப் பெறலாம். 20 இலக்கம் என்பது 10^20 வித்துகள். மேலே கண்ட 13 பேர் தடை அங்கே 22 பேர் வரை தள்ளிப்போகிறது. 40 இலக்கம் எடுத்தால் இன்னும் தொலைவு செல்லும், கூடுதல் செலவு சில நிமிடங்களே. ஆக்கியும் அந்த நீளத்தை முழுதாக ஏற்பதாக இருக்க வேண்டும். 40 இலக்க வித்தைப் பெற்று உள்ளே 32 இருமமாகச் சுருக்கிவிடும் நிரலில் பகடை உருட்டியும் பயனில்லை.

அறுதித்தன்மையைக் குறையென்று ஒதுக்காமல் வலிமையாகக் கொள்வது இந்த முறையின் சிறப்பு. வாய்ப்பு முழுவதையும் பலர் காணும் ஒரு செயலில் குவித்துவிட்டு, மற்றதை யாரும் மறுபடி போட்டுப் பார்க்கத்தக்க கணக்காக வைக்கிறது. பொறியியல் சேர்க்கைக்கும் இதுவே உரிய முறை என்பது நம் முடிவு: விண்ணப்பப் பட்டியல் முதலில் பூட்டப்படட்டும், ஆக்கியின் பெயரும் நிரலும் அதற்கு முன்பே வெளியாகட்டும், பட்டியல் பூட்டிய பின் வித்து பலர் முன்னிலையில் எடுக்கப்பட்டு, ரேண்டம் எண்களோடு சேர்த்து அச்சிடப்படட்டும். அப்போது சங்கரன்கோவில் பள்ளியின் கணினி ஆசிரியர் தம் மாணவியின் பத்து இலக்கத்தைத் தாமே கணக்கிட்டு, அது சரிதானா என்று சொல்லிவிட முடியும்.